வரியில்லாத தேங்காய்க்கு 62,400 ரூபாய் வரி

பொள்ளாச்சிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு உள்ள ஒரு ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 350 மரம். மரத்துக்கு வருஷத்துக்கு 120 காய் என்றால் 42,000 காய். காய்க்குச் சராசரியாக 20 ரூபாய் கிடைத்தது என்று வைத்தால் 8,40,000 ரூபாய் வரவு. மரம் ஏறும் கூலி, உரம், உழவு, பாத்தி கட்டுதல், காவல் எல்லாம் சேர்த்து 2,40,000 செலவு. கையில் நின்றது 6,00,000. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் செலவு கணக்கில் வரவில்லை.

இவருடைய சம்பளம் 2025-26 நிதியாண்டில் 12,75,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம். பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட்டில் சொன்னார்கள். விவசாய வருமானத்துக்கு என்றைக்குமே வரி இல்லை. ஆகவே இவர் கட்ட வேண்டியது பூஜ்யம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இவர் கட்ட வேண்டியது 62,400 ரூபாய்.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே, இந்தியா விவசாய வருமானத்தை எப்படி நடத்துகிறது என்பது பாதி புரிந்துவிடும். சட்டம் தேங்காய்க்கு வரி போடவில்லை. சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி போடலாம் என்று முடிவு செய்ய மட்டும் தேங்காயை எட்டிப் பார்க்கிறது. கணக்கு இப்படிப் போகும்.

முதலில் இரண்டு வருமானத்தையும் கூட்டி, 18 லட்சத்துக்கு வரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முதல் 4 லட்சத்துக்கு ஒன்றும் இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. அடுத்த 4 லட்சத்துக்கு 15 சதவீதம், 60,000. மிச்சம் 2 லட்சத்துக்கு 20 சதவீதம், 40,000. ஆக 1,60,000. இரண்டாவதாக, விவசாய வருமானம் 6 லட்சத்தோடு அடிப்படை விலக்கு 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 10 லட்சத்துக்கு வரி பார்க்க வேண்டும். அது 40,000. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1,20,000. இதில்தான் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கான தள்ளுபடி வருகிறது. அந்தத் தள்ளுபடிக்கு 60,000 என்று உச்சவரம்பு உண்டு. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியதா என்று பார்க்கும்போது விவசாய வருமானம் சேராது என்பதால் ஆசிரியருக்குத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் 60,000 மட்டும்தான். மீதி 60,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 2,400.

தோப்பே இல்லாத இன்னொரு ஆசிரியர் அதே 12 லட்சத்துக்கு 60,000 வரி, 60,000 தள்ளுபடி என்று பூஜ்யத்தில் முடித்துவிடுவார். தோப்பு வைத்திருந்ததால் நம் ஆசிரியருடைய சம்பளம் மேல் அடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. இதற்குப் பகுதி ஒருங்கிணைப்பு என்று பெயர். 1972-இல் அறிக்கை தந்த கே.என். ராஜ் குழு பரிந்துரைத்து, 1973 நிதிச் சட்டத்தில் நுழைந்த ஏற்பாடு இது. ஐம்பது வருஷம் கடந்தும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடம் தோப்பை அறியாது, அதனால் சம்பளத்தில் வரி பிடித்திருக்காது. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் தெரிய வரும். அதற்குள் முன்கூட்டியே வரி கட்டவில்லை என்று மாதம் ஒரு சதவீத வட்டியும் ஓட ஆரம்பித்திருக்கும், ஏனென்றால் 10,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் என்றால் வருஷத்துக்குள்ளேயே தவணையில் கட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் கிடையாது. நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும், மற்ற வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒருங்கிணைப்பு. அதனால் 60 ஏக்கரில் வாழையும் கரும்பும் போட்டு 50 லட்சம் எடுப்பவர், வேறு வருமானம் என்று வங்கி வட்டி மூன்று லட்சம் மட்டும் வைத்திருந்தால், அவருக்குப் பூஜ்யம்தான். கம்பெனிகள், கூட்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. தோப்போடு சம்பளமும் வாங்குபவர் மாட்டிக்கொள்ள, முழுக்க நிலத்தில் பெரிதாகச் சம்பாதிப்பவர் வெளியே நிற்கிறார். இந்த ஏற்பாட்டின் பெரிய கோளாறு அதுதான் என்பது என் கருத்து.

கிஸ்தி கட்டிய காலத்து நியாயம்

இந்தியாவில் வருமான வரியை 1860-இல் ஆங்கிலேய அரசின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தபோது விவசாயமும் அதற்குள்தான் இருந்தது. அந்தச் சட்டம் 1865-இல் முடிந்தது. மறுபடி நிலையாக வந்த 1886 சட்டம் விவசாய வருமானத்தை வெளியே தள்ளியது. காரணம் ஏழை விவசாயி மேல் இரக்கம் இல்லை. நிலத்துக்காரர் ஏற்கெனவே நிலவரி கட்டிக்கொண்டிருந்தார். சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் மண் தரம், பாசன வசதி பார்த்துத் தீர்வை போட்டு, கிஸ்தியாக வாங்கினார்கள். விளைச்சல் கணிசமாக அதில் போய்விட்ட காலம் அது. ஒரே வயலுக்கு இரண்டு வரி வேண்டாம் என்பது அன்றைய நியாயம்.

தீர்வை பணத்தில் நிர்ணயிக்கப்பட்டது, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. விலைவாசி ஏற ஏற அது தேய்ந்துபோனது. இன்று கிராமத்தில் நஞ்சைக்குக் கட்டும் கிஸ்தி ஏக்கருக்கு ஒரு டீ, வடைக் காசுதான். விலக்கு தந்ததற்கான காரணம் போய்விட்டது, விலக்கு மட்டும் நிற்கிறது.

நிற்பதற்கு அரசமைப்புச் சட்டமும் ஒரு காரணம். ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 82-ஆவது பதிவு, விவசாய வருமானம் நீங்கலான வருமானத்துக்கான வரி என்கிறது. மாநிலப் பட்டியலின் 46-ஆவது பதிவு விவசாய வருமானத்துக்கான வரியை மாநிலங்களிடம் தருகிறது. ஆகவே டெல்லி நினைத்தாலும் நேரடியாக வரி போட முடியாது. மாநிலங்கள் போடலாம். பீகார் 1938-லேயே சட்டம் போட்டது, வேறு சில மாநிலங்களும் போட்டன. பெரும்பாலும் தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களைத்தான் தொட்டன. அதையும் பல மாநிலங்கள் கைவிட்டுவிட்டன. ஓட்டு எங்கே இருக்கிறது என்பது மாநிலக் கட்சிகளுக்குத் தெரியாததா?

இதே 1886 மரபு பாகிஸ்தானுக்கும் போனது. அங்கும் மத்திய அரசு தொட முடியாது, மாகாணங்கள்தான் போட முடியும், அவை பேருக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தன. 2024 செப்டம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்தோடு செய்துகொண்ட 700 கோடி டாலர் கடன் ஒப்பந்தத்தில், விவசாய வருமான வரியை மற்ற வருமான வரிக்கு இணையாகக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வந்தது. 2025 பிப்ரவரிக்குள் நான்கு மாகாணங்களும் சட்டம் போட்டுவிட்டன. உச்ச விகிதம் 45 சதவீதம். உள்ளூர் அரசியலால் பல பத்தாண்டுகள் நடக்காததைக் கடன்காரர் சில மாதத்தில் நடத்திவிட்டார். வசூல் வேறு கதை.

விளைச்சலும் வரி அடுக்கும்

முழு விலக்கு இல்லாத நாடுகளிலும் விவசாயிக்குத் தனி ஏற்பாடு உண்டு. அதற்குக் காரணம் சலுகை மனப்பான்மை மட்டும் இல்லை, கணக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

மேலே பார்த்த அதே அடுக்குகளை வைத்துப் பார்ப்போம். ஒருவர் இரண்டு வருஷமும் 12 லட்சம் வீதம் சம்பாதிக்கிறார். இரண்டு வருஷமும் தள்ளுபடி உண்டு, வரி பூஜ்யம். இன்னொருவர் மஞ்சள் போடுகிறார். முதல் வருஷம் நல்ல விலை, 24 லட்சம். அடுத்த வருஷம் அழுகல் நோய், கைக்கும் வாய்க்கும் சரி, லாபம் பூஜ்யம். இரண்டு வருஷத்தில் இருவரும் சம்பாதித்தது அதே 24 லட்சம். ஆனால் மஞ்சள்காரருக்கும் இந்த வரியைப் போட்டால் முதல் வருஷத்தில் செஸ் சேர்க்காமலே 3 லட்சம் கட்டியிருப்பார். வருமானம் ஏற ஏற விகிதம் ஏறும் எந்த வரியும், மேலும் கீழும் குதிக்கும் வருமானத்தைச் சீரான வருமானத்தைவிட அதிகமாகக் கடிக்கும்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு மருந்து. ஒன்று, ஐந்து வருஷச் சராசரி வருமானத்தை வைத்து விகிதத்தைத் தீர்மானிப்பது. மற்றொன்று பண்ணை மேலாண்மை வைப்புநிதி. நல்ல வருஷத்தில் வங்கியில் இந்தக் கணக்கில் போடும் பணத்தை அந்த வருஷ வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வறட்சி வருஷத்தில் எடுக்கும்போது அது அந்த வருஷ வருமானம். ஒருவர் 8 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை வைக்கலாம், பொதுவாக 12 மாதமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். விவசாயம் அல்லாத வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் அந்த வருஷம் போட முடியாது. சிட்னியில் டாக்டர் வேலை பார்த்துக்கொண்டு பண்ணையும் வைத்திருப்பவர் உள்ளே நுழையக் கூடாது என்பதற்காக அந்த வரம்பு. நம் ஒருங்கிணைப்பு தடுக்க நினைத்ததும் அதே ஆளைத்தான்.

அமெரிக்க விவசாயி தன் பண்ணை லாபத்தில் ஒரு பகுதியை முந்தைய மூன்று வருஷங்களுக்குச் சமமாகப் பிரித்து, அந்த வருஷங்களின் அடுக்கில் காலியாக இருந்த இடத்தில் வைத்து வரி கணக்கிடலாம். மொத்த வரவில் மூன்றில் இரண்டு பங்காவது விவசாயத்திலிருந்து வந்தால், காலாண்டுத் தவணை கட்ட வேண்டியதில்லை. மார்ச் 1-க்குள் கணக்குத் தாக்கல் செய்து முழுதாகக் கட்டினால் போதும். அறுவடை முடியாமல் தவணை கட்டு என்று அவரிடம் யார் கேட்பது?

இரண்டாவது சிக்கல் அளப்பது. சிறு விவசாயியிடம் பில் புத்தகம் இருக்காது. வீட்டு ஆட்களே வேலை செய்வார்கள், அந்த உழைப்புக்குக் கூலி எழுதுவதில்லை. விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுக் குதிரில் போகும். மாட்டுக்கு வைக்கோல், பக்கத்து வீட்டுக்கு இரண்டு மரக்கால் நெல். இதற்கெல்லாம் கணக்கு எழுதச் சொன்னால் வரியைவிடக் கணக்கருக்குக் கொடுக்கும் கூலி அதிகமாகிவிடும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 14.6 கோடி பண்ணைகள், சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். பெரும்பாலானோருக்கு அடிப்படை விலக்கே எட்டாத உயரம்.

ஐரோப்பாவில் இதைத் தோராயக் கணக்கால் தீர்க்கிறார்கள். ஜெர்மனியில் 20 ஹெக்டேருக்கு மிகாத நிலத்தைத் தானே உழும் சிறு பண்ணை, உண்மை லாபத்தைக் காட்டாமல் ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற நிர்ணயத் தொகையை லாபமாகக் காட்டலாம். பிரான்சில் சிறு விவசாயிகளுக்கு மூன்று வருஷ விற்பனைச் சராசரியில் 87 சதவீதத்தைச் செலவு என்று அரசே கழித்துவிட்டு, மீதி 13 சதவீதத்துக்கு மட்டும் வரி கேட்கிறது. இப்படி நிலத்தை அளந்து தோராயமாக வாங்கும் வரி நமக்குப் புதிதில்லை. கிஸ்தியும் அதேதான்.

வேலிக்கு உள்ளே எது, வெளியே எது

முழு விலக்கு இருக்கும் நாட்டில் சண்டை எல்லாம் வேலி எங்கே என்பதில்தான். விவசாய வருமானம் என்றால் நிலத்தில் அடிப்படை வேலை நடந்திருக்க வேண்டும். உழுதல், விதைத்தல், நடுதல் போன்றவை. களையெடுப்பதும் காவல் காப்பதும் அதன் தொடர்ச்சியாக இருந்தால் மட்டுமே சேரும். ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. தானாக முளைத்த காட்டு மரத்தை வெட்டி விற்றால் அது விவசாய வருமானம் ஆகாது.

இதை வைத்துப் பார்த்தால் பல ஆச்சரியங்கள் வரும். நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் குத்தகை, விவசாய வருமானம். ஆனால் மாந்தோப்பில் பிஞ்சு பிடித்தபிறகு காயை மட்டும் மொத்தமாகப் பேசி வாங்கி, பறித்து விற்கும் வியாபாரியின் லாபம் அப்படி இல்லை. அவர் நிலத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. பால், கோழி, மீன் எதுவும் விவசாயம் இல்லை, தீவனத்தைச் சொந்த வயலில் வளர்த்தாலும் பாலுக்கு விலக்கு கிடையாது. நாற்றங்கால் கன்றுகளை 2008 நிதிச் சட்டம் விவசாயத்துக்குள் சேர்த்துவிட்டது. வயல் நடுவே காற்றாலைக்கோ செல்போன் கோபுரத்துக்கோ இடம் விட்டு வாங்கும் வாடகை வெளியே. பட்டாவில் அது புஞ்சை என்று எழுதியிருப்பது உதவாது.

விளைபொருளைப் பக்குவப்படுத்தினால் இன்னும் கவனம் வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலை உள்ளே. அதைத் தாண்டினால் வருமானம் இரண்டாகப் பிரியும். நம் ஆசிரியர் தேங்காயை விற்காமல், மனைவி பேரில் இல்லாமல் தன் பேரிலேயே செக்கு போட்டு எண்ணெய் ஆட்டினார் என்று வைப்போம். எண்ணெயும் புண்ணாக்கும் விற்று 12 லட்சம் வந்தது, ஆட்டுவதற்கு 1,60,000 செலவு. செக்குக்குள் போன காய்களின் சந்தை விலை 8,40,000. இதில் சாகுபடிச் செலவு 2,40,000 போக 6 லட்சம் விவசாய வருமானம். எண்ணெய் வரவு 12 லட்சத்தில் காய் விலையும் ஆட்டுச் செலவும் போக 2 லட்சம் வியாபார லாபம், அதற்கு வரி உண்டு. காய் எந்தத் தேதியில் என்ன விலை போனது என்பதற்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலைப்பட்டியலை எடுத்து வைக்காவிட்டால், அந்த 8,40,000-ஐ அதிகாரி தன் விருப்பப்படி குறைப்பார். காய் விலை குறைந்தால் வியாபார லாபம் கூடும்.

இப்படி ஒவ்வொரு தோட்டத்திலும் விலை தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் சில பயிர்களுக்குச் சட்டமே பங்கு பிரித்துவிட்டது. சொந்த இலையைச் சொந்த ஆலையில் தேயிலையாக்கும் எஸ்டேட்டுக்கு மொத்த லாபத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம். நீலகிரியில் பச்சை இலையைப் பறித்து ஆலைக்குப் போடும் சிறு விவசாயிக்கு அந்தப் பிரிவினை இல்லை, முழுதும் விவசாயம். காபியை விளைவித்துப் பதப்படுத்தி விற்றால் வரிக்கு உரிய பங்கு 25 சதவீதம், வறுத்து அரைத்தும் விற்றால் 40. ரப்பருக்கு 35.

கணக்கு எங்கே உடைகிறது

விலக்கு முழுமையானது என்பதால், எங்கிருந்தோ வந்த பணத்துக்கு வயல் வழியாக வழி காட்டும் ஆசை வரும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கையில், ஆய்வு செய்த 6,778 கணக்குகளில் 22.5 சதவீதத்தில் போதிய சரிபார்ப்பு இல்லாமலே விலக்கு தரப்பட்டிருந்தது. படிவங்கள் இப்போது இறுக்கமாகத்தான் இருக்கின்றன. விவசாய வருமானம் 5,000 வரை இருந்தால்தான் எளிய ஐடிஆர்-1 படிவம். 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று எல்லாம் எழுத வேண்டும்.

பொய்யை அதிகாரி கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதியிருக்கும் அடங்கலை எடுத்துப் பார்ப்பார். அதில் தரிசு என்று இருக்கும், கணக்கில் வாழை என்று இருக்கும். ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். கிரயப் பத்திரத்தில் காலி நிலம் என்று இருக்க, மூன்றாவது வருஷமே தேங்காய் வருமானம் காட்டியவர் அங்கேயே மாட்டுவார். வரவில் செலவே இல்லாமல் 95 சதவீதம் லாபம் காட்டுவது இன்னொரு அடையாளம். நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கியில்தான் வரும். கொள்முதல் காலம் முடிந்து ஐந்து மாதம் கழித்து ரொக்கமாகச் செலுத்திய லட்சங்களை நெல் பணம் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

நம்பாவிட்டால் அது விளக்கமில்லாத வரவாகிவிடும். 2025-26 கணக்குக்கு அதற்கு 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத மேல்வரி, பிறகு செஸ். கூட்டினால் 78 சதவீதம். அபராதம் தனி.

இதில் வருத்தம் தரும் இடம் ஒன்று உண்டு. உண்மையாக உழைத்து விளைவித்தவரும் இதே வலையில் சிக்குவார். வாய்மொழிக் குத்தகையில் பத்து ஏக்கர் உழுபவர் பேரில் சிட்டா இருக்காது. அடங்கலிலும் பல ஊரில் நிலத்துக்காரர் பெயர்தான் ஓடும். வியாபாரி வயலிலேயே ரொக்கம் கொடுத்து வாங்கிப் போயிருப்பார். அவர் கையில் இருக்க வேண்டியது நான்கு காகிதம்: சாகுபடி செய்பவர் பெயரோடு கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்று, எழுத்தில் ஒரு குத்தகை ஒப்பந்தம், எடைச் சீட்டு, உரக்கடை பில். இவற்றை அந்தந்தப் போகத்திலேயே வாங்கி வைத்தால்தான் உண்டு. மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வரும்போது வியாபாரி ஊரை விட்டே போயிருப்பார்.